சுவரில் தொங்கும் விதியும் சட்டைப் பையில் இருக்கும் விதியும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

நம் திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்குள் போனால் வாசலுக்குப் பக்கத்திலோ கேன்டீன் சுவரிலோ ஒரு பலகை தொங்கும். குழந்தைத் தொழிலாளரை வைக்க மாட்டோம், யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்க மாட்டோம், இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது என்று தமிழில் எழுதியிருக்கும். கம்பெனியின் நடத்தை விதிகள் அவை. 1997-ல் வந்த எஸ்.ஏ. 8000 என்ற சான்றிதழ் முறை, வழக்கமான வேலை வாரத்துக்கு 48 மணி நேரம், ஓவர்டைம் அதிகபட்சம் 12 மணி நேரம் என்று எண்ணிக்கை போட்டே சொல்கிறது. பெரும்பாலும் வெளிநாட்டு வியாபாரி கேட்பதால்தான் இந்தப் பலகை சுவருக்கு வருகிறது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆடிட்டர் வருவார்.

இந்தப் பலகையைக் குறை சொல்ல வரவில்லை. அதனால் பலருக்கு நன்மை கிடைத்திருக்கிறது. உங்களிடம் நான் கேட்க வந்தது வேறு. உங்களுக்கென்று அப்படி ஒரு பலகை இருக்கிறதா? ஆடிட்டர் வராத சந்தில், பன்னிரண்டு மெஷின் ஓடும் பவர்டேபிளில், சனிக்கிழமை இரவு சம்பளக் கவர் போடும்போது எதைச் செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்று நீங்களே எழுதி வைத்த விதி ஏதாவது உண்டா?

“நான் முஸ்லிம், எனக்குக் குர்ஆனும் சுன்னத்தும் இருக்கிறதே” என்று நீங்கள் சொல்லலாம். அது உண்மைதான். அளவில் குறைப்பவர்களை எச்சரித்து ஒரு முழு அத்தியாயமே, சூரத்துல் முதஃப்பிஃபீன், இறங்கியிருக்கிறது. ஆனால் உங்கள் பவர்டேபிளில் “அளவு” என்பது எது, “குறைப்பது” என்பது எது என்று யார் பார்ப்பது? அந்த வேலை உங்களுடையது. அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

பார்ட்னரிடம் கணக்குக் கேட்பதைப் போல

இந்த வேலைக்கு நமக்கு ஒரு நல்ல ஆசிரியர் இருக்கிறார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1058-ல் பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்தவர்கள். பக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் பெரிய ஆசிரியராக இருந்தவர்கள், 1095-ல் அந்தப் பதவியை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் எழுதிய இஹ்யா உலூமித்தீன் நாற்பது பகுதிகளைக் கொண்டது. அதன் 38-வது பகுதி மனிதன் தன்னைத் தானே கண்காணித்துக் கணக்குக் கேட்பதைப் பற்றியது.

அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட உவமை வியாபாரம். முதலைப் போட்டு ஒரு பார்ட்னரிடம் தொழிலை ஒப்படைக்கும் வியாபாரி என்ன செய்வார்? முதலில் நிபந்தனை பேசுவார். பிறகு கண் வைத்திருப்பார். கடைசியில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். நஷ்டம் வந்திருந்தால் அதற்குப் பொறுப்பு கேட்பார். நம் ஆயுள்தான் முதல், நம் நஃப்ஸ்தான் அந்தப் பார்ட்னர் என்கிறார்கள் இமாம் அவர்கள். நிபந்தனை பேசுவது முஷாரத்தா, கண் வைப்பது முராகபா, கணக்குப் பார்ப்பது முஹாஸபா. அதன் பின் தவறுக்குத் தண்டனை, கூடுதல் முயற்சி, நஃப்ஸைக் கண்டிப்பது என்று மொத்தம் ஆறு நிலைகளைச் சொல்கிறார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். கணக்குப் பார்ப்பதற்கு முன் நிபந்தனை இருக்க வேண்டும். “இன்று நான் நல்லவனாக இருந்தேனா?” என்று இரவில் கேட்டால் நஃப்ஸ் எப்போதும் “இருந்தாய்” என்றுதான் சொல்லும். காலையில் என்ன பேசினோம் என்பது எழுத்தில் இருந்தால்தான் அதனால் நழுவ முடியாது.

முதல் படி: ஒரு வாரம் விதி எழுதாதீர்கள்

பலர் செய்யும் முதல் தவறு, நோட்டைத் திறந்ததும் “நேர்மை, பொறுமை, இரக்கம்” என்று எழுதிவிடுவது. இவை நல்ல சொற்கள்தான். ஆனால் இவற்றை எழுதியதால் உங்களைப் பற்றி உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரிய வராது.

அதற்குப் பதிலாக, ஒரு சின்ன பாக்கெட் நோட்டை ஒரு வாரம் வைத்திருங்கள். எந்த இடத்தில் மனம் உறுத்தியதோ அதை மட்டும் ஒரு வரியில் குறியுங்கள். பாவம் என்பது உள்ளத்தை உறுத்துவது, பிறர் அறிவதை நாம் விரும்பாதது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த அடையாளம் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அதுதான் இந்த வாரத்துக்கான அளவுகோல்.

ஒரு பவர்டேபிள் வைத்திருக்கும் சகோதரரை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் சொல்லும் ஆள்தான், எண்களும் அப்படியே. அவருடைய நோட்டில் இப்படி நாலு வரிகள் விழுகின்றன.

திங்கள்: “3,000 பீஸ் புதன்கிழமை வந்துடுமா?” என்று கம்பெனியிலிருந்து போன். வராது என்று தெரியும். “வந்துடும்ணே” என்றேன்.

புதன்: ஓவர்லாக் அடிக்கும் ஒடிசா பையன் 640 பீஸ் என்றான். என் நோட்டில் 610. அவனுக்குத் தமிழில் வாதாடத் தெரியாது. 610-க்குத்தான் போட்டேன்.

வியாழன்: தையல் விட்டுப்போன 40 பீஸைப் பண்டலின் நடுவில் வைத்துக் கட்டினேன்.

சனி: பில் பணம் வரவில்லை. கையில் இருந்ததில் என் வண்டித் தவணையை முதலில் கட்டிவிட்டு, மீதியில் பாதிச் சம்பளம் கொடுத்தேன்.

நேர்மை என்ற ஒரு சொல்லை எழுதியிருந்தால் இந்த நாலும் அதற்குள் ஒளிந்திருக்கும்.

இரண்டாம் படி: எதிர்ப் பக்கத்தில் யார்?

இப்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு விஷயம் எழுதுங்கள். எனக்கு என்ன கிடைத்தது? யாருக்கு என்ன போனது?

அந்த 30 பீஸில், பீஸுக்கு 3 ரூபாய் என்றால், அவருக்குக் கிடைத்தது 90 ரூபாய். பையனுக்குப் போனது 90 ரூபாய் மட்டுமா? அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் கேட்க வேண்டாம், கேட்டுப் பயனில்லை என்று அவன் கற்றுக்கொண்டான். வண்டித் தவணை விஷயத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு மாத நிம்மதி. போனது பத்துப் பன்னிரண்டு வீடுகளின் ஞாயிற்றுக்கிழமைச் சமையல்.

இதைச் செய்ததும் வரிகள் தாமாகவே இரண்டாகப் பிரியும். சில, பிறருடைய ஹக்கைத் தொடுபவை. சில, என்னை நான் மேம்படுத்திக்கொள்ள நினைப்பவை. கோபத்தைக் குறைக்க வேண்டும், போனை ஓரம் வைக்க வேண்டும் என்பவை இரண்டாவது வகை. அவையும் நல்லவைதான். ஆனால் முதல் நோட்டில் ஹக் சார்ந்தவை முன்னால் வரட்டும். அடியார்களின் உரிமையில் நாம் செய்த குறை, உரியவரிடம் தீர்க்கப்படாமல் தீராது என்பது நாம் அறிந்ததே. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் நல்ல குணம் பழகுவது, அழுக்குத் துணிக்கு இஸ்திரி போடுவது மாதிரி.

மூன்றாம் படி: ஆம், இல்லை என்று பதில் வரும்படி எழுதுங்கள்

விதியில் மூன்று பகுதி இருக்க வேண்டும். எந்தச் சூழ்நிலை, என்ன செய்வேன், எப்போதைக்குள். எழுதியதை வேறொருவர் கையில் கொடுத்தால், நீங்கள் அதைச் செய்தீர்களா இல்லையா என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். அதுதான் சோதனை.

நம் சகோதரர் எழுதியவை இவை.

ஒன்று: என் எண்ணிக்கையும் டெய்லரின் எண்ணிக்கையும் மாறினால், அன்றைக்கே இருவரும் சேர்ந்து எண்ணுவோம். சரக்கு போய்விட்டதால் எண்ண முடியாவிட்டால் அவர் கணக்குப்படி கொடுப்பேன்.

இரண்டு: தேதி சொல்வதற்கு முன், பாக்கி பீஸை ஒரு நாள் உற்பத்தியால் வகுப்பேன். அவரிடம் ஒரு நாளைக்கு 700 பீஸ் ஓடுகிறது. நாலு நாளில் 2,800. திங்கள்கிழமை தொடங்கினால் 3,000 பீஸ் வெள்ளிக்கிழமைதான் முடியும். “வெள்ளிக்கிழமை மத்தியானம்” என்பதுதான் உண்மையான பதில். கணக்குப் போடாமல் சொன்ன தேதி, பொய் சொல்ல நினைக்காமலே பொய்யாகிவிடும்.

மூன்று: டேமேஜ் பீஸைத் தனியாகக் கட்டி, எண்ணிக்கை எழுதிய சீட்டை மேலே வைப்பேன். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே ஏன் வைக்கவில்லை என்று அந்த வியாபாரியிடம் கேட்டார்கள். பண்டலின் நடுவில் இருக்கும் 40 பீஸும் அந்த ஈரம்தான்.

நான்கு: சனிக்கிழமைச் சம்பளம் முழுதும் கொடுக்கும் வரை, தொழில் பணத்திலிருந்து என் வீட்டுக்கோ தவணைக்கோ எடுக்க மாட்டேன்.

நாலு போதும். அதிகம் போனால் ஐந்து. இருபது எழுதினால் இருபதையும் மறப்போம்.

நீங்கள் முதலாளி அல்ல, டெய்லர் என்றால் உங்கள் வரிகள் வேறாக இருக்கும். “அட்வான்ஸ் வாங்கினால், அது கழியும் வரை சொல்லாமல் வேறு கம்பெனிக்குப் போக மாட்டேன்” என்பது ஒன்று. வீட்டில் உட்கார்ந்து பிசிர் வெட்டும் சகோதரி, “உடன் வேலை செய்யும் மாமியார் வெட்டியதை என் கணக்கில் சேர்க்க மாட்டேன்” என்று எழுதலாம். உங்கள் நோட்டில் விழுந்ததைத்தான் நீங்கள் எழுத வேண்டும். அடுத்தவர் விதியைக் காப்பி எடுத்தால் அதுவும் சுவர்ப் பலகையாகிவிடும்.

நான்காம் படி: இடம் மாறி உட்காருங்கள், மோசமான வாரத்தில் வைத்துப் பாருங்கள்

எழுதிய விதியை இரண்டு விதமாகச் சோதியுங்கள். முதலில், எதிராளியின் இடத்தில் உட்காருங்கள். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பும் வரை ஈமான் முழுமையாகாது என்பது நமக்குச் சொல்லித்தரப்பட்ட அளவுகோல். நான் அந்த ஒடிசா பையனாக இருந்தால் இந்த விதி எனக்குப் போதுமா? போதாது என்றுதான் தெரிகிறது, ஏனென்றால் சீட்டு தமிழில் இருக்கிறது. ஆகவே முதல் விதியில் ஒரு வரி சேர்கிறது: பீஸ் எண்ணிக்கையை எண்களாக எழுதி, தினமும் அவனிடமே ஒரு சீட்டு கொடுப்பேன்.

இரண்டாவது, ஷிப்மென்ட் வாரத்தில் அந்த விதி என்ன ஆகும் என்று பாருங்கள். எல்லாம் நன்றாக நடக்கும் வாரத்தில் எந்த விதியும் நிற்கும். நான்காவது விதியை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை சம்பளம் 60,000 ரூபாய் வேண்டும். கம்பெனி பில் வரவில்லை. கையில் 38,000. குறைவது 22,000. வாசலில் வட்டிக்குக் கொடுப்பவர் தயாராக நிற்கிறார். வட்டி வாங்க மாட்டேன் என்பது ஒரு விதி. வியர்வை உலரும் முன் கூலி என்பது இன்னொரு விதி. இரண்டும் மோதுகின்றன. என்ன செய்வது?

இங்கேதான் பலர் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு “நிர்ப்பந்தம்” என்று சொல்லிவிடுகிறோம். அவசரப்படாமல் பாருங்கள். அன்றைய நாளில் செய்யக்கூடியது இது: 38,000-ஐயும் முழுதாகப் பிரித்துக் கொடுப்பது, தன் பங்காக ஒரு ரூபாயும் எடுக்காமல் இருப்பது, தெரிந்த உடனே, வெள்ளிக்கிழமையே, ஆட்களிடம் சொல்லிவிடுவது, மீதிக்கு ஒரு தேதி கொடுப்பது, மச்சானிடமோ ஜமாஅத்தில் தெரிந்தவரிடமோ வட்டியில்லாக் கடன் கேட்பது. கேட்பதற்கு வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தின் விலையைத்தான் இத்தனை நாள் டெய்லர்கள் கொடுத்து வந்தார்கள்.

ஆனால் முக்கியமான பாடம் வேறு. சனிக்கிழமை இரவு மோதும் இரண்டு விதிகளுக்கு, தீர்வு பெரும்பாலும் அதற்கு முந்தைய வாரங்களில் இருக்கும். வரும் ஒவ்வொரு பில்லிலும் ஒரு சிறு பங்கைத் தனியே வைத்திருந்தால் இந்த மோதல் வந்திருக்காது. ஒரே கம்பெனியிடம் இரண்டு பில் பாக்கி இருக்கும்போது மூன்றாவது கட்டிங்கை இறக்காமல் இருந்தாலும் வந்திருக்காது. ஆகவே ஐந்தாவது விதி பிறக்கிறது: ஒரு வாரச் சம்பளம் சேரும் வரை, ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்கு ஐந்து ரூபாய் தனி உண்டியலில் போடுவேன். பார்ப்பதற்கு இது ஒழுக்க விதியாகவே தெரியாது. ஆனால் மற்ற இரண்டு விதிகளையும் தாங்கி நிற்பது இதுதான்.

ஐந்தாம் படி: கணக்கு நாள்

காலையில் வேலை தொடங்கும் முன் ஐந்து வரியையும் ஒரு தடவை படியுங்கள். இரவில் இரண்டு நிமிடம். செய்ததற்கு எதுவும் போட வேண்டாம், தவறியதற்கு மட்டும் ஒரு புள்ளி. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் வாழ்க்கை வரலாற்றில் இந்த முறையை விவரித்திருக்கிறார். பதின்மூன்று குணங்களுக்குப் பதின்மூன்று வரிசை, கிழமைகளுக்கு ஏழு கட்டம், தவறினால் கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் முழுக் கவனம் வைத்தார். தன்னிடம் தான் நினைத்ததைவிட அதிகக் குறைகள் இருந்ததைக் கண்டு அவரே வியந்தார். பணிவு என்ற பதின்மூன்றாவது குணம் அவர் பட்டியலில் முதலில் இல்லை. “உன்னிடம் கர்வம் இருக்கிறது” என்று ஒரு நண்பர் சொன்ன பிறகுதான் சேர்த்தார். நம் குறையில் பாதி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நோட்டை மாதம் ஒரு முறை, உங்களிடம் முகத்துக்கு நேரே பேசக்கூடிய ஒருவரிடம் காட்டுங்கள். மனைவியாக இருக்கலாம், உங்கள் ஃபோர்மேனாகவும் இருக்கலாம்.

புள்ளி விழுந்தால் என்ன செய்வது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தண்டனை என்று சொல்வதை, உடலை வருத்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறர் ஹக்கில் விழுந்த புள்ளிக்கு முதல் பரிகாரம் திருப்பிக் கொடுப்பதுதான். 90 ரூபாயை அடுத்த கவரில் சேர்த்து, “போன வாரம் குறைத்துவிட்டேன், இது உன்னுடையது” என்று சொல்லுங்கள். சொல்லாமல் சேர்த்தால் பணம் போய்ச் சேரும். ஆனால் அவன் இழந்த நம்பிக்கை திரும்பாது.

ஆறாம் படி: எப்போது திருத்துவது?

விதியை மாற்றலாம். ஆனால் அதை மீறத் தோன்றும் நாளில் மாற்றக் கூடாது. மாதத்தின் முதல் ஜும்ஆவுக்குப் பிறகு என்று ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் “இந்த விதி நடைமுறைக்கு ஒத்துவராது” என்று தோன்றினால், அதை நோட்டில் குறித்துவிட்டு அந்த நாள் வரை பொறுங்கள். அன்றும் அதே எண்ணம் இருந்தால் அது அறிவு. மறைந்துவிட்டால் அது நஃப்ஸின் வாதம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஒரு மாதம் முழுதும் ஒரு புள்ளி கூட விழவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். விதி மிக எளிதாக இருக்கிறது, அல்லது இரவில் நோட்டைத் திறக்கவே இல்லை. ஒரே விதியில் தினமும் புள்ளி விழுகிறது என்றால், மன உறுதியைக் குறை சொல்வதற்கு முன், அதற்குக் கீழே உண்டியல் மாதிரி ஒரு முன்னேற்பாடு தேவையா என்று பாருங்கள்.

தனி ஒருவரின் நோட்டு எட்டாத இடம்

கடைசியாக ஒன்று. எல்லாத் தீமையையும் ஒருவருடைய நோட்டு தடுத்துவிடாது. நம் நொய்யலை நினைத்துப் பாருங்கள். பாசனத்துக்காக 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் சாயக் கழிவு தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவைச் சுத்தமாக வெளியேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதுவரை ஒவ்வொருவரும் “நான் ஒருவன் நிறுத்தினால் ஆறு சுத்தமாகிவிடுமா?” என்று கேட்க இடமிருந்தது. அந்தக் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஒருவர் மட்டும் சுத்திகரிப்புச் செலவை ஏற்றால் அவர் ரேட் கூடும், ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும். இரண்டாம் படியில் “எதிர்ப் பக்கத்தில் யார்?” என்று கேட்டோமே, அங்கே நாம் முகம் பார்க்காத கிராமத்து விவசாயியும் இருக்கிறார்.

இப்படிப்பட்ட இடத்துக்கு நபி (ஸல்) அவர்களின் இளமையில் ஒரு வழி இருக்கிறது. யமனின் ஸபீத் ஊரிலிருந்து மக்காவுக்கு வந்த ஒரு வியாபாரி சரக்கை விற்றார். வாங்கிய மக்கா பெரிய மனிதர் பணம் கொடுக்கவில்லை. அந்நியருக்கு அங்கே ஆதரவு இல்லை. அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சிலர் கூடி, அநீதிக்கு ஆளானவர் யாராக இருந்தாலும் அவருடைய ஹக் கிடைக்கும் வரை சேர்ந்து நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று அதற்குப் பெயர். நபித்துவத்துக்கு முன் நடந்த அதில் அவர்களும் கலந்துகொண்டார்கள். இப்போது அழைத்தாலும் வருவேன் என்ற கருத்தில் பின்னாளிலும் அதைப் பாராட்டினார்கள்.

ஆகவே உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரிக்கு இடம் விடுங்கள்: “நான் ஒருவனாகச் செய்ய முடியாத எதற்காக, யாரோடு சேர்ந்து நிற்பேன்?” பில் கொடுக்காத கம்பெனிக்கு எதிராகப் பத்து பவர்டேபிள்காரர்கள் சேர்வதாக இருக்கலாம். தெருவில் கொட்டும் கழிவைப் பற்றிப் பேசுவதாகவும் இருக்கலாம்.

சகோதரர்களே! இந்த வாரம் விதி எதுவும் எழுத வேண்டாம். பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் வையுங்கள். அடுத்த ஜும்ஆ வரை மனம் உறுத்திய இடங்களை மட்டும் குறியுங்கள். நாளை மறுமையில் நம் ஏடு நம் கையில் தரப்படும் முன், அதன் சில வரிகளையாவது நாமே படித்துத் திருத்திக்கொள்ளும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.